வலித்தது பொட்டு, அழுகியது பல்

மதினிக்கு வலது நெற்றிப்பொட்டில் வலி வந்தது தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பு. கோவில்பட்டியில் வீட்டோடு தையல் மெஷின் வைத்து ஜாக்கெட் தைக்கிறவர். அந்த மாதத்தில் ராத்திரி பன்னிரண்டு மணிவரை மெஷின் ஓடும். அதனால் வலிக்குக் காரணம் தேட யாரும் சிரமப்படவில்லை. கண்ணைக் கெடுத்துக்கொண்டாள் என்றார் அண்ணன். நாற்பத்தாறு வயதில் வெள்ளெழுத்து வரும்தானே என்று கண்ணாடிக் கடையில் சொன்னார்கள். புதுக் கண்ணாடி வந்தது. வலி போகவில்லை. அடுத்து சைனஸ் என்றார்கள், ஆவி பிடித்தார். பிறகு ஒற்றைத் தலைவலி என்று யாரோ சொல்ல, அதற்கும் மாத்திரை.

மூன்று வாரம் இப்படிப் போனது. பிறகு ஒருநாள் காலையில் எழுந்தபோது வலி சுத்தமாக இல்லை. “கண்ணாடி இப்பத்தான் பழகியிருக்கு தம்பி” என்று எனக்கு போன் செய்து சொன்னார். பத்து நாள் நிம்மதி. அதற்கப்புறம் வந்தது வேறு மாதிரி வலி. வலது மேல் தாடையில் ஒரு கடவாய்ப்பல் மட்டும் மற்றவற்றைவிட உயர்ந்து நிற்பதுபோல் இருந்தது, வாயை மூடினாலே அதுதான் முதலில் இடித்தது. இரண்டு நாளில் கன்னம் வீங்கிவிட்டது. இந்தத் தடவை எங்கே போகவேண்டும் என்று யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.

பல் டாக்டர் வாயைத் திறக்கச் சொன்னதும் முதலில் பார்த்தது வலித்த பல்லை அல்ல. “நீங்க ரொம்ப நாளா இடது பக்கந்தான் மெல்லுறீங்க, இல்லையாம்மா?” என்று கேட்டார். மதினிக்குத் திகைப்பு. அப்படி ஒன்றும் இல்லையே என்றார். டாக்டர் கண்ணாடி கொடுத்துக் காட்டினார். வலது பக்கப் பற்களில் மஞ்சளாகக் காரை ஏறியிருந்தது. இடது பக்கம் ஓரளவு சுத்தம். மெல்லுகிற பக்கத்துப் பல்லை சாப்பாடே தேய்த்துவிடும். உபயோகிக்காத பக்கத்தில்தான் காரை சீக்கிரம் படியும். மதினியின் வாய்க்கு விஷயம் எப்போதோ தெரிந்திருக்கிறது, அவருக்குத்தான் தெரியவில்லை. காப்பியை ஆறவைத்து ஆறவைத்துக் குடித்ததும், ராத்திரி இரண்டு மணிக்கு வலி தாங்காமல் எழுந்து உட்கார்ந்தால் கொஞ்சம் தேவலை என்று சொல்லிக்கொண்டிருந்ததும் அப்போதுதான் எங்களுக்கு ஞாபகம் வந்தன.

பல்லில் இருந்த கோளாறு எப்படிப் பொட்டில் வலித்தது? தலை, முகம், வாய் இவற்றின் உணர்வை மூளைக்குக் கொண்டுபோவது பெரும்பாலும் ஒரே நரம்புதான், பக்கத்துக்கு ஒன்று. டிரைஜெமினல் என்று பெயர். அது மூன்று கிளையாகப் பிரிகிறது. ஒன்று நெற்றிக்கும் கண்ணுக்கும், ஒன்று கன்னத்துக்கும் மேல்வரிசைப் பற்களுக்கும், மூன்றாவது கீழ்வரிசைப் பற்களுக்கும் தாடைக்கும். பொட்டுக்கும் காதின் முன்பக்கத்துக்கும் இந்த மூன்றாவது கிளையிலிருந்துதான் ஓர் இழை போகிறது. மூன்று கிளையும் கொண்டுவரும் வலிச் செய்திகள் மூளைத்தண்டின் அடிப்பகுதியில், கழுத்துத் தண்டுவடம் தொடங்குகிற இடத்தில் வந்து சேர்கின்றன. பிடரியிலிருந்து வரும் நரம்புகளும் அங்கேயே வந்து கலக்கின்றன.

சிக்கல் அந்த இடத்தில்தான். செய்தி கொண்டுவரும் இழைகள் ஏராளம், அதை வாங்கி மேலே அனுப்பும் செல்கள் குறைவு. பல்லிலிருந்து வந்த இழையும் பொட்டிலிருந்து வந்த இழையும் ஒரே செல்லில் போய் முட்டுகின்றன. நாலு வீட்டுக்கு ஒரே காலிங்பெல் இருக்கிற பழைய வளாகம் மாதிரி. மணி அடித்தால் அடித்தது உண்மை. எந்த வீட்டுக்காரருக்காக என்பது மணிக்குத் தெரியாது. மூளை வழக்கத்தை வைத்து ஊகிக்கிறது. பொட்டுத் தோலிலிருந்து ஆயுள் முழுக்க செய்தி வந்துகொண்டே இருந்திருக்கிறது: சீப்பு பட்டது, வெயில் பட்டது, கொசு கடித்தது. பல்லின் உள்ளிருந்து அனேகமாக ஒன்றுமே வந்ததில்லை. ஆகவே மணி அடித்ததும் பொட்டுதான் கூப்பிடுகிறது என்று மூளை முடிவு செய்துவிடுகிறது. உள்ளே ஓரிடத்தில் நோய் இருக்க, வெளியே வேறிடத்தில் வலி தெரிவதை 1890-களிலேயே லண்டன் டாக்டர் ஒருவர் உடம்பு முழுக்கப் படம் போட்டுக் குறித்திருக்கிறார். எந்தப் பல் தலையின் எந்தப் பகுதியில் வலியைக் கிளப்பும் என்பதும் அவர் குறித்தவற்றில் உண்டு. அவர் பெயர் ஹென்றி ஹெட். தலையைப் பற்றி எழுதியவரின் குடும்பப் பெயரே ‘தலை’ என்று அமைந்தது தற்செயல்.

இதில் பல்லுக்கு மட்டும் ஒரு விசேஷம் இருக்கிறது. மதினியின் வலி ஏன் முதலில் பொட்டில் இருந்து, இடையில் காணாமல் போய், பிறகு பல்லுக்கே வந்து சேர்ந்தது என்பதற்கான விடை அதில்தான் இருக்கிறது. பல்லின் நடுவே மெத்தென்று ஒரு சதை இருக்கிறது. பற்கூழ் என்பார்கள். ரத்தக் குழாயும் நரம்பும் அதற்குள்தான். இந்தக் கூழுக்கு வலிக்கத் தெரியும், இடம் சொல்லத் தெரியாது. பல்லின் வேரைச் சுற்றி எலும்போடு இணைக்கும் மெல்லிய நார் உறை ஒன்றும் உண்டு. சோற்றில் ஒரு சின்னக் கல் அகப்பட்டால் எந்தப் பல்லில் என்று உடனே சொல்லிவிடுகிறோமே, அது இந்த உறையின் வேலை. இடம் சொல்வதில் அது கில்லாடி.

மதினிக்கு எட்டு வருஷம் முன்பு அடைத்த ஒரு பல் இருந்தது. அடைப்பின் ஓரம் இடைவெளி விட்டு, அடியில் சொத்தை மறுபடி ஓடியிருக்கிறது. மேலிருந்து பார்த்தால் ஓட்டையே தெரியாது. கிருமி கூழை எட்டியதும் கூழ் வீங்கப் பார்க்கிறது. உடம்பில் வேறெங்கேயும் வீக்கத்துக்கு இடம் உண்டு. இங்கே சுற்றிலும் கல் போன்ற சுவர். உள்ளே அழுத்தம் ஏறுகிறது. படுத்தால் தலைக்கு ரத்தம் கூடுவதால் அழுத்தமும் கூடும், வலி விண்விண்ணென்று தெறிக்கும். எழுந்து உட்கார்ந்தால் சற்று குறையும். சூடு பட்டால் எகிறும். இந்த மூன்று வாரமும் கத்தியது கூழ் மட்டுமே. அதனால்தான் இடம் தவறிப் பொட்டில் தெரிந்தது.

பிறகு கூழ் செத்துப்போனது. அந்தப் பத்து நாள் நிம்மதி அதுதான். வலி சொல்ல ஆளில்லாததால் வந்த அமைதி. கண்ணாடி பழகியதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. செத்த கூழில் கிருமி தங்குதடையில்லாமல் பெருகி, வேர் நுனி வழியாக எலும்புக்குள் இறங்கி அங்கே சீழ் கட்டியது. சீழ் பல்லை அதன் குழியிலிருந்து இம்மியளவு மேலே தள்ளும். பல் உயர்ந்ததுபோல் தோன்றுவது பிரமையல்ல. இப்போது நார் உறை பாதிக்கப்பட்டுவிட்டது, அதற்கு இடம் தெரியும், ஆகவே வலி தன் சொந்த விலாசத்துக்கு வந்தது. மூன்றாவது கட்டம் ஒன்றும் உண்டு. சீழ் எலும்பைத் துளைத்து ஈறில் சின்னக் கொப்புளமாக வெடித்தால் வலி மறுபடி குறையும். வாயில் உப்புக் கரிப்பாகவோ நாற்றமாகவோ எதோ கசியும். அதையும் குணம் என்று எடுத்துக்கொண்டு வருஷக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

டாக்டர் செய்தது நீண்ட காரியம் இல்லை. கண்ணாடிக் கரண்டியின் காம்பால் பல்லை ஒவ்வொன்றாக மெதுவாகத் தட்டினார். குற்றவாளிப் பல்லைத் தட்டியதும் மதினி நாற்காலியில் துள்ளினார். குளிர்ந்த பஞ்சை அடுத்த பல்லில் வைத்தபோது சுருக்கென்று கூச்சம் வந்து உடனே போனது. அது உயிருள்ள பல். வலித்த பல்லில் வைத்தபோது ஒன்றுமே தெரியவில்லை. தட்டினால் உயிர் போகிறது, குளிர் வைத்தால் மரக்கட்டை. உள்ளே செத்தாயிற்று, வெளியே சீழ் என்பதற்கு இந்த இரண்டும் சேர்ந்தே பெரிய சாட்சி. எக்ஸ்ரேயில் வேர் நுனியைச் சுற்றி கறுப்பாக ஒரு வட்டம். மரத்துப்போக ஊசி போட்டு, பல்லின் மேல் துளையிட்டதும் சீழ் வெளியே வந்தது. அழுத்தம் இறங்கி அன்றைக்கே மதினி தூங்கினார்.

“அந்த மூணு வாரத்துல வந்திருந்தா எப்படிக் கண்டுபிடிச்சிருப்பீங்க?” என்று நான் கேட்டேன். அவர் சொன்ன பதில்தான் எனக்கு இந்தக் கட்டுரையை எழுதும் எண்ணத்தைக் கொடுத்தது. கூழ் உயிரோடு அழற்சியில் இருக்கும்போது குளிரோ சூடோ பட்டால் வலி வரும். பட்டதை எடுத்த பிறகும் அரை நிமிஷம், ஒரு நிமிஷம் என்று நீடிக்கும். சாதாரணப் பல்கூச்சம் எடுத்தவுடன் போய்விடும். அப்படி நீடிக்கிற வலி நோயாளியின் பழகிய தலைவலியாகவே பொட்டில் எழும்பினால், பல் மாட்டிக்கொண்டது என்று அர்த்தம். அதிலும் சந்தேகம் இருந்தால் கடைசிச் சோதனை, மரத்துப்போகும் ஊசி. சந்தேகப்படும் பல்லுக்கு மட்டும் போட்டு ஐந்து நிமிஷம் காத்திருப்பார்கள். தலைவலி அடங்கிவிட்டால் பிறப்பிடம் அங்கேதான். வலிக்கிற பொட்டில் போய் ஊசி போட்டால் தோல் மரக்குமே தவிர வலி போகாது. இந்தச் சோதனைக்குப் போகிறவர்கள் வலி மாத்திரை போட்டு அமுக்கிக்கொண்டு போனால் டாக்டருக்குத் தேட எதுவுமே இருக்காது.

பல்லிலிருந்து கிளம்பும் தலைவலிக்கு இன்னொரு குணம், அது நடுக்கோட்டைத் தாண்டாது. வலது பல்லின் வலி வலது பக்கத்திலேயே சுற்றும்: பொட்டு, கண்ணைச் சுற்றி, கன்னம், காது. முன்பல் மட்டும் விதிவிலக்கு, அது நடுக்கோட்டிலேயே உட்கார்ந்திருக்கிறது. பொதுவாக மேல்வரிசைப் பற்கள் பொட்டுக்கும் கண்ணுக்கும் வலியை அனுப்பும், கீழ்வரிசைக் கடவாய்ப்பற்கள் காதுக்கு அனுப்பும். பாதி முளைத்த ஞானப்பல்லைச் சுற்றி ஈறு வீங்கினால் வலி காதுக்கும் தலைக்கும் ஏறுவது சகஜம். பன்னாட்டுத் தலைவலிக் கழகத்தின் நோய்ப் பட்டியல் 2018-ல் மூன்றாம் பதிப்பாக வந்தது. அதில் பல்லால் வரும் தலைவலிக்குத் தனி இடம் கொடுத்து, இந்த ஞானப்பல் விவகாரத்தையும் குறிப்பிட்டிருக்கிறார்கள். அதே சமயம், பல்நோய் வந்தால் பெரும்பாலும் பல்லும் முகமும்தான் வலிக்கும், தலை அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். தலைவலி வந்தவர்களெல்லாம் பல்லைப் பிடுங்கக் கிளம்ப வேண்டியதில்லை.

பிடுங்கியும் இருக்கிறார்கள் என்பதுதான் வருத்தம். மேலே சொன்ன காலிங்பெல் எதிர்ப்பக்கமும் வேலை செய்யும். ஒற்றைத் தலைவலி சிலருக்கு மேல் தாடையில் பல்வலியாகவே வரும். முக நரம்புவலி என்கிற இன்னொரு நோயில் பல் துலக்கினாலே மின்சாரம் அடித்ததுபோல் நொடிக்கணக்கில் வெட்டும். இரண்டிலும் பல் நல்ல பல். ஒன்றைப் பிடுங்கி வலி போகாமல் அடுத்ததையும் பிடுங்கியவர்களைப் பல் டாக்டர்கள் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். தட்டினால் வலியில்லை, குளிருக்கு வழக்கமான பதில், எக்ஸ்ரே சுத்தம் என்றால், நல்ல டாக்டர் கொறடைக் கையில் எடுக்க மாட்டார்.

காதுக்கு வருவோம். காதில் வலி என்று வருகிற பெரியவர்களில் கணிசமானவர்களுக்குக் காதில் ஒன்றும் இருப்பதில்லை. அந்தச் சின்ன இடத்துக்கு அத்தனை நரம்புகள் வந்து போகின்றன. பல்லின் நரம்பு, முகத்தின் நரம்பு, தொண்டையின் நரம்பு, குரல்வளையிலிருந்து வரும் நரம்பு, பிடரி நரம்புகள் என்று எல்லோருக்கும் அங்கே ஒரு திண்ணை உண்டு. பஞ்சுக் குச்சியால் காதைக் குடையும்போது சிலருக்கு இருமல் வருமே, குரல்வளைக்கும் காதுக்கும் ஒரே நரம்பு என்பதற்கு அதுவே அத்தாட்சி.

காதிலேயே கோளாறா, விருந்தாளி வலியா என்று பிரிக்க வீட்டிலேயே ஒரு வழி இருக்கிறது. காதுத்துளைக்கு முன்னால் சின்ன மேடாக இருக்கிற குருத்தெலும்பை லேசாக அழுத்திப் பார்க்கலாம், காதுமடலைப் பிடித்து மெல்ல இழுத்துப் பார்க்கலாம். உயிர் போகிறது என்றால் வெளிக்காதுக் குழாயில் புண்ணோ கட்டியோ இருக்கிறது. குடைந்த ஹேர்பின் அல்லது உள்ளே தங்கிய குளத்துத் தண்ணீர் காரணமாக இருக்கலாம். இழுத்தால் வலியில்லை, ஆனால் நாலு நாள் சளிக்குப் பிறகு காய்ச்சலோடு காது அடைத்து வலிக்கிறது, தலையும் அந்தப் பக்கம் கனக்கிறது என்றால் செவிப்பறைக்குப் பின்னால் சீழ் சேர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். குழந்தைகளுக்கு இதுதான் வழக்கம். ராத்திரி முழுக்க அழுத குழந்தை விடியற்காலை திடீரென்று அமைதியாகித் தலையணையில் ஈரம் இருந்தால், பறை ஓட்டை விழுந்து அழுத்தம் இறங்கியிருக்கிறது. மதினியின் பல்லுக்கு நடந்ததன் தம்பிதான் இது. ஆனால் பறை பெரும்பாலும் சில வாரங்களில் தானே மூடிக்கொள்ளும். அதுவரை அதில் எண்ணெய் காய்ச்சி ஊற்றாமல் டாக்டரிடம் காட்டவேண்டும். இழுத்தாலும் வலியில்லை, அடைப்பில்லை, டாக்டர் விளக்கடித்துப் பார்த்தும் பறை முத்துப்போல் பளபளக்கிறது என்றால் காதை விட்டுவிட்டுப் பல்லையும் தாடை மூட்டையும் தொண்டையையும் தேட வேண்டியதுதான்.

காதில் இரண்டு நிலைமை மட்டும் காத்திருக்கக் கூடாதவை. சில பேருக்கு வருஷக்கணக்கில் காதில் நாற்றமுள்ள சீழ் வடியும். வலி இருக்காது. வலி இல்லாததாலேயே அலட்சியம். அந்தக் காதோடு புதிதாகத் தலைவலியும் வாந்தியும் தலைசுற்றலும் சேர்ந்தால், எலும்பை அரித்த நோய் மூளைப் பக்கம் போயிருக்கலாம். வடிவது நின்று தலைவலி தொடங்கினால் அது இன்னும் மோசமான அறிகுறி. இரண்டாவது, வயதான சர்க்கரை நோயாளிக்கு வருகிற காதுவலி. ராத்திரி தூங்கவிடாமல் அந்தப் பக்கத் தலை முழுக்கப் பரவும். சொட்டு மருந்துக்கு மசியாது. அது மண்டையோட்டின் அடி எலும்பையே தொற்றியிருக்கலாம். வாய் ஒரு பக்கம் கோணினால் ஏற்கெனவே தாமதம். காதுக்குப் பின்னால் எலும்பு மேட்டில் வீக்கம் கண்டு மடல் முன்னால் தள்ளி நின்றாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிதான்.

தொண்டை இந்த மூவரில் பரம சாது போல இருக்கும். டான்சிலுக்கு உணர்வு தரும் நரம்பின் ஒரு கிளை நடுக்காதுக்குள் போகிறது. டான்சில் ஆபரேஷன் முடிந்த குழந்தைகள் இரண்டொரு நாளில் காது வலிக்கிறது என்று அழுவார்கள். காதில் எதுவும் ஆகியிருக்காது, அம்மாக்கள் பதறிப்போவார்கள். தொண்டையைக் காட்டிக்கொடுப்பது விழுங்கல். எச்சில் விழுங்கும் ஒவ்வொரு தடவையும் காதில் சுருக்கென்று குத்தினால் காரணம் தொண்டையில் என்று பத்துக்கு எட்டுப் பேருக்குச் சொல்லிவிடுவேன் என்று ஒரு காது-மூக்கு-தொண்டை டாக்டர் என்னிடம் சொன்னார். கணக்கு அவருடையது.

சாதாரணத் தொண்டைக்கட்டு இரண்டு பக்கமும் வலிக்கும், நாலைந்து நாளில் தணியும். தணியாமல், ஒரு பக்கம் மட்டும் ஏறிக்கொண்டே போய், அந்தப் பக்கக் காதும் தலையும் வலித்து, வாய் முழுதாகத் திறக்க முடியாமல், சூடான உருளைக்கிழங்கை வாயில் வைத்துக்கொண்டு பேசுவதுபோல் குரல் மாறினால், டான்சிலைச் சுற்றிச் சீழ் கட்டிவிட்டது. கண்ணாடியில் பார்த்தால் உள்நாக்கு நடுவில் தொங்காமல் மறுபக்கம் தள்ளியிருக்கும். அதை வெறும் மாத்திரையால் கரைக்கப் பார்ப்பது வீண், பெரும்பாலும் ஊசியால் உறிஞ்சியோ கீறியோ எடுப்பார்கள். எடுத்த பத்தாவது நிமிஷம் நோயாளி தண்ணீர் கேட்பார்.

தொண்டையின் இன்னொரு முகத்தைச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை, ஆனாலும் சொல்லாமல் விடக்கூடாது. ஐம்பது வயதுக்கு மேல், பீடியோ வெற்றிலைப் புகையிலையோ பழக்கம் உள்ளவருக்கு ஒரு பக்கக் காது மாதக்கணக்கில் வலிக்கிறது. காதைப் பார்த்தால் மாசு மறுவில்லை. இவருக்குக் காதுக்குச் சொட்டு மருந்து எழுதி அனுப்பினால் தவறு. நாக்கின் அடியிலோ, குரல்வளையின் பக்கவாட்டுப் பள்ளத்திலோ வளர்கிற புற்று வேறெந்த அறிகுறியும் காட்டாமல் காதுவலியாக மட்டும் வெளிப்படுவதுண்டு. மூக்கு வழியாக மெல்லிய கேமரா குழாயை விட்டுத் தொண்டையைப் பார்த்துவிடுவார்கள், ஐந்து நிமிஷ வேலை. மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மியிருந்தாலோ, கழுத்தில் வலியில்லாத கட்டி தட்டுப்பட்டாலோ அந்த ஐந்து நிமிஷத்தைத் தள்ளிப்போடக் கூடாது.

மாத்திரை பற்றி ஒரு வார்த்தை. கன்னம் வீங்கிய அன்று மதினி மெடிக்கலில் கேட்டு ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டுக்கொண்டுதான் டாக்டரிடம் போனார். வீக்கம் கொஞ்சம் வாடியது. ஆனால் மருந்து ரத்தத்தில்தான் பயணம் செய்யும். செத்த கூழுக்குள் ரத்த ஓட்டமே கிடையாது. கிருமியின் கோட்டைக்குள் மருந்து நுழையவே வழியில்லை, வெளியே வந்த படையை மட்டும் விரட்டும். நிறுத்தினால் மறுபடி வரும். வேர் சிகிச்சை செய்து உள்ளே சுத்தம் பண்ணவேண்டும், அல்லது பல்லை எடுக்கவேண்டும். மூன்றாவது வழி இல்லை. இன்னொன்று, சாதாரண வலி மாத்திரையையே மாதத்தில் பதினைந்து நாளுக்கு மேல் மூன்று மாதம் தொடர்ந்து போட்டால், அந்த மாத்திரையே தினசரித் தலைவலியை உண்டாக்கும். பிறகு பல்லைச் சரிசெய்தாலும் தலைவலி போகாது, குழப்பம் இரட்டிப்பாகும். ஈறில் நேரடியாக மாத்திரையை வைத்து அடக்குகிறவர்களுக்கு ஈறு வெந்து வெளுத்துப் புண்ணாவதும் உண்டு.

பல்லிலிருந்து கிளம்பிய சீழ் எல்லை தாண்டுகிறது என்பதற்கு அடையாளம் தெரிந்திருப்பது நல்லது. தாடைக்கு அடியில் கழுத்து பலகைபோல் இறுகி, நாக்கு மேலே தூக்கி, எச்சில் விழுங்க முடியாமல் வழிந்தால், மூச்சுக்குழல் அடைபட எந்த நேரமும் வாய்ப்புண்டு. அப்போது பல் டாக்டரிடம் அப்பாயின்ட்மென்ட் கேட்டுக்கொண்டிருக்காமல் 108-ஐக் கூப்பிடவேண்டும். வீக்கம் கண்ணை மூடும் அளவுக்கு ஏறினாலும், குளிர்க் காய்ச்சலோடு கழுத்து விறைத்தாலும், ஆள் மயங்கி மயங்கிப் பேசினாலும் அதேதான்.

வாய்ப் பக்கமே காட்டிவிட்டு வேறிடத்திலிருந்து வருகிற இரண்டையும் சேர்த்துக்கொள்ளலாம். மாடிப்படி ஏறினால் கீழ்த் தாடை வலிக்கிறது, நின்றால் போகிறது என்றால் அது பல் அல்ல, இதயம். ஐம்பது தாண்டியவருக்குப் புதிதாகப் பொட்டில் வலி, தலை வாரினால் தோல் நோகிறது, சப்பாத்தியை மெல்ல மெல்லத் தாடை சோர்ந்து நிறுத்தி நிறுத்தி மெல்லவேண்டியிருக்கிறது என்றால், பொட்டுத் தமனியின் அழற்சியாக இருக்கலாம். நம்மிடையே அதிகம் இல்லை. ஆனால் கவனிக்காவிட்டால் பார்வையையே பறித்துவிடும், அதனால் சொல்லிவைக்கிறேன்.

மதினிக்கு மூன்று முறை உட்காரவைத்து வேர் சிகிச்சை முடிந்தது. பல்லுக்கு மேலே தொப்பி போட்டாயிற்று. புதுக் கண்ணாடி ஊசியில் நூல் கோக்க உபயோகப்படுகிறது. பொங்கலுக்குப் போயிருந்தபோது தட்டில் கடலைமிட்டாய் வைத்தார், தானும் ஒன்று எடுத்துக் கடித்தார். இடது பக்கமாகத்தான். “மதினி, வலதுதான் சரியாயிடுச்சே” என்றேன். மென்றுகொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்தி, தாடையைத் தொட்டுப் பார்த்தார். எந்தப் பக்கம் மென்றுகொண்டிருந்தோம் என்று அவருக்கு அப்போதும் தெரிந்திருக்கவில்லை.